மூன்று குறுக்கங்கள்: ஐ.ஈ., ஈ.ஜி., விஸ்.

ஆங்கிலத்தில் எழுதப்படும் அலுவலகக் கடிதங்களிலும், சங்கங்களின் விதிகளிலும், பாடநூல்களிலும் மூன்று சிறு குறுக்கங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. ஐ.ஈ. என்பது ஒன்று, ஈ.ஜி. என்பது மற்றொன்று, விஸ். என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒரே வேலையைச் செய்வன என்று எண்ணி, நினைவிற்கு வந்த ஒன்றை எழுதிவிடுவோர் பலர். ஆயின், ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்று நின்றால் வாக்கியத்தின் பொருள் மாறும். அவ்வாக்கியம் ஒரு விதியாக இருப்பின், அதனால் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமையும் மாறிவிடும்.

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஆங்கிலத்தில் ஒரு விதியை எழுதுவதாகக் கொள்வோம். ‘விவசாயக் கருவிகள் வாங்குவதற்கு அங்கத்தவர்கள் கடன் பெறலாம்’ என்பது விதி. அதன்பின் மேற்கூறிய குறுக்கங்களுள் ஒன்றை இட்டு, நீரிறைக்கும் இயந்திரம், கலப்பை, மருந்து தெளிக்கும் கருவி என மூன்று பெயர்கள் எழுதப்படுகின்றன. அங்கத்தவர் ஒருவர் சூடடிக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வருகிறார். அவருக்குக் கடன் உண்டா, இல்லையா?

அங்கே எழுதப்பட்டது ஈ.ஜி. என்றால் அவர் கேட்பது முறையே. அம்மூன்று கருவிகளும் மாதிரிக்காகச் சொல்லப்பட்டவை. அவை போன்ற பிறவும் விதிக்குள் அடங்கும். எழுதப்பட்டது விஸ். என்றால் அவருக்கு இடமில்லை. கடன் தரப்படும் கருவிகள் அம்மூன்றே. பட்டியல் அத்துடன் முடிந்துவிட்டது. எழுதப்பட்டது ஐ.ஈ. என்றாலோ, விவசாயக் கருவி என்ற சொல்லுக்கே அம்மூன்றுதான் பொருள் என்றாகிறது. அப்போது கடன் மறுக்கப்படுவதோடு, சூடடிக்கும் இயந்திரம் விவசாயக் கருவியே அன்று என்ற விபரீதமான முடிபும் பிறக்கிறது. வயலையும் களத்தையும் அறிந்த எவரும் அதனை ஒப்பமாட்டார். விதியை எழுதியவரின் கருத்து யாதாயினும், தாளில் நிற்கும் குறுக்கமே வழக்கை முடிவு செய்யும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் சொற்களின் பிறப்பிலேயே இருக்கிறது. மூன்றும் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஐ.ஈ. என்பது ‘இட் எஸ்ட்’ என்ற தொடரின் முதலெழுத்துகள். ‘அது இது’ என்று இரண்டு பொருள்களைச் சமப்படுத்துவது அத்தொடர். ஈ.ஜி. என்பது ‘எக்ஸெம்ப்ளி கிராசியா’ என்பதன் குறுக்கம். ‘உதாரணத்தின் பொருட்டு’ என்பது அதன் பொருள். விஸ். என்பது ‘விடெலிசெட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘காணலாம்’ என்ற கருத்தில் தோன்றிய அச்சொல், முன்னர்த் தொகையாகச் சொன்னதைப் பெயர்பெயராக விரித்துக் காட்டும். அக்குறுக்கத்தின் இறுதியில் நிற்கும் ‘இஸட்’ என்னும் எழுத்து அச்சொல்லில் இல்லாதது. கையெழுத்துப் பிரதிகள் எழுதியோர் ‘எட்’ என்ற ஈற்றைச் சுருக்கி இட்ட குறியொன்று அவ்வெழுத்தைப் போலிருந்தமையால், பின்னர் அச்சிலும் அவ்வெழுத்தே நிலைத்துவிட்டது. உரக்க வாசிக்கும்போது இக்குறுக்கத்திற்குப் பதிலாக ‘நேம்லி’ என்று சொல்லுவதே ஆங்கில வழக்கம்.

தமிழ் கற்றவருக்கு இப்பாகுபாடு புதிதன்று. ‘முதலிய’ என்ற சொல்லுக்கும் ‘ஆகிய’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி மாணவரும் அறிவர். ‘மா, பலா முதலிய மரங்கள்’ என்றால் வேறு மரங்களும் உண்டு. ‘சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர்’ என்றால் நான்காமவருக்கு இடமில்லை. முன்னது ஈ.ஜி. செய்யும் வேலை, பின்னது விஸ். செய்யும் வேலை. ஒன்று திறந்த பட்டியல், மற்றது மூடிய பட்டியல். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்கள் என்று சொல்லி, விஸ். என்று எழுதினால், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என ஐந்தையும் சொல்லியே தீரவேண்டும். நான்குடன் நிறுத்தினால் எண்ணும் பெயர்களும் பொருந்தாமையால் பிழை உடனே புலப்படும். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் மட்டும் சொல்ல விரும்பினால் அங்கே ஈ.ஜி. என்பதே பொருந்தும்.

ஐ.ஈ. பட்டியலுக்கென்று பிறந்ததன்று. ஒருமுறை சொன்னதை வேறு சொற்களால் தெளிவாகத் திருப்பிச் சொல்வதே அதன் தொழில். யூன் 1 ஆந் திகதி வெளிவரும் அறிவித்தல் ஒன்று, ‘இன்றிலிருந்து பதினான்கு நாட்களுக்குள்’ விண்ணப்பிக்குமாறு கேட்கிறது. முதல் நாளையும் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்ற ஐயம் எழலாம். அதனை அடுத்து ஐ.ஈ. இட்டு, ‘யூன் 15 ஆந் திகதி அல்லது அதற்கு முன்’ என்று எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்தது. பின்னர் வந்தது முன்னர் வந்ததற்கு உதாரணம் அன்று. அதன் பகுதியும் அன்று. இரண்டும் ஒன்றே.

எனவே எழுதுபவர் தம் வாக்கியத்தைச் சோதித்தற்கு எளிய வழி உண்டு. குறுக்கத்தை நீக்கி அவ்விடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்க்கலாம். ‘எடுத்துக்காட்டாக’ என்பது பொருந்தினால் ஈ.ஜி.; ‘அவையாவன’ என்பது பொருந்தினால் விஸ்.; ‘அதாவது’ என்பது பொருந்தினால் ஐ.ஈ. ஆயினும் மூன்றாவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நம்மவர் பேச்சில் ‘அதாவது’ என்ற சொல்லை உதாரணம் கூறத் தொடங்கும்போதும், சொல் தேடித் தயங்கும்போதும் தாராளமாக வழங்குகின்றனர். அப்பழக்கம் எழுத்திலும் புகுவதால், ஈ.ஜி. நிற்கவேண்டிய இடங்களில் ஐ.ஈ. வந்துவிடுகிறது. ஆகவே, குறுக்கத்திற்கு முன் உள்ளதையும் பின் உள்ளதையும் இடம் மாற்றினாலும் பொருள் கெடாது நிற்கிறதா என்று பார்த்தல் நன்று. நின்றால் மட்டுமே ஐ.ஈ. தகும்.

பட்டியலின் ஈற்றில் ‘எட்செற்றரா’ என்பதைச் சேர்க்கும் வழக்கமும் கவனிக்கத்தக்கது. ஈ.ஜி. என்று தொடங்கியபோதே இன்னும் பல உண்டு என்பது பெறப்பட்டுவிட்டது. ஆதலால் அது அங்கே மிகை. விஸ். என்று தொடங்கிய பட்டியலின் ஈற்றிலோ அது முரண். மூடிய கதவை மறுபடியும் திறந்துவிடுகிறது. அத்தகைய விதியைப் படிப்பவர், பட்டியல் முடிந்ததா, தொடர்கிறதா என்று அறிய மாட்டார்.

இறுதியாக, இக்குறுக்கங்களை எங்கே எழுதுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. அடிக்குறிப்பு, அட்டவணை, அடைப்புக்குறி ஆகிய மூன்றும் இவற்றிற்கு உரிய இடங்கள். கடிதத்தின் ஓடும் நடையில் அவற்றின் ஆங்கிலச் சொற்களையே முழுமையாக எழுதுவது சிறப்பு. 2016 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தை நடத்துவோர் ஈ.ஜி., ஐ.ஈ. ஆகிய குறுக்கங்களைத் தம் பக்கங்களிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தனர். ஆங்கிலத்தை நன்கு அறியாதார் அவற்றால் இடர்ப்படுகின்றனர் என்பது ஒரு காரணம். பார்வை குறைந்தோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவிகளுட் சில, புள்ளியின்றி எழுதப்பட்ட ஈ.ஜி. என்பதை ‘எக்’ என்று, முட்டையைக் குறிக்கும் சொல்லாக, ஒலிக்கின்றன என்பது மற்றொரு காரணம். விஸ். என்பதோ இக்காலத்திற் சட்டப் பத்திரங்களுக்கு வெளியே அருகிவிட்டது. பொதுவான கடிதத்தில் ‘நேம்லி’ என்ற சொல்லே போதும்.

முழுச் சொல்லாக எழுதினாலும் தெரிவு எழுதுபவரையே சார்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் விதியை எழுத அமர்பவர், தம் பட்டியல் திறந்ததா, மூடியதா என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். அதனைத் தீர்மானித்தபின் உரிய சொல் தானே வந்தமையும். சூடடிக்கும் இயந்திரம் கேட்டு வருபவருக்கும் ஐயமற்ற விடை கிடைக்கும்.