காசோலையில் கையெழுத்திடுபவர் மாறும்போது

பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் நடப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் அதிகாரம் அதன் இயக்குநர் குழுவிடம் இருக்கிறது. காசோலையில் கையெழுத்துப் போடுபவர் நிர்வாக இயக்குநரே ஆனாலும், குழு கொடுத்த அதிகாரத்தின் பேரில்தான் போடுகிறார். ஆகவே கையெழுத்திடுபவரை மாற்றவோ புதிதாக ஒருவரைச் சேர்க்கவோ வேண்டுமென்றால், வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதம் மட்டும் போதாது. நிர்வாக இயக்குநரின் மின்னஞ்சலோ, பல வருடப் பழக்கமோ கூட உதவாது. வங்கி கேட்பது குழுவின் தீர்மானத்தை. கடிதம் அந்தத் தீர்மானத்தை வங்கியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். இயக்குநர்கள் மூவர். நடப்புக் கணக்கில் நிர்வாக இயக்குநரும் நிதி மேலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. நிதி மேலாளர் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்குக் கணக்கு மேலாளர் வருகிறார். நிர்வாக இயக்குநர் வெளியூர் போனால் சம்பளப் பட்டுவாடா நின்றுவிடுகிறது என்பதால், இன்னொரு இயக்குநரையும் சேர்க்கலாம் என்று முடிவாகிறது. ஒருவர் நீங்குகிறார், இருவர் சேருகிறார்கள், சேர்ந்து கையெழுத்திடும் முறையும் மாறுகிறது. இந்த மூன்றையும் ஒரே தீர்மானத்தில் சொல்லிவிடலாம்.

முதல் வேலை குழுக் கூட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் வந்தாக வேண்டும். மூவர் உள்ள இந்தக் கம்பெனிக்கு இருவர் போதும். மே 31க்கு முன்பே எல்லாம் முடிய வேண்டுமென்றால், மே மாத நடுவிலாவது கூட்டம் நடந்திருக்க வேண்டும். வங்கியில் ஆவணங்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றவும் சில நாள்கள் பிடிக்கும். ஓய்வு நாளன்று மாலை தீர்மானம் எழுதினால், ஜூன் முதல் வாரத்தில் சரக்குக் கொடுத்தவர்களுக்குக் காசோலை தர ஆள் இருக்காது. பழைய ஏற்பாட்டில் இருவர் கையெழுத்து வேண்டும்; அதில் ஒருவர் போய்விட்டார்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. ‘கணக்கு மேலாளருக்கு வங்கிக் கணக்கை இயக்க அதிகாரம் அளிக்கப்படுகிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கம்பெனிகள் ஏராளம். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கணக்கு மேலாளர் தனியாகக் கையெழுத்திடலாமா, மற்றவரோடு சேர்ந்துதானா என்பது தெரியவில்லை. பழைய நிதி மேலாளரின் அதிகாரம் என்ன ஆனது என்பதும் தெரியவில்லை. இரண்டாவது ஓட்டைதான் அதிக ஆபத்தானது. புதியவரைச் சேர்த்ததாலேயே பழையவர் நீங்கிவிட்டதாக வங்கி எடுத்துக்கொள்ளாது. நீக்கச் சொல்லாத வரை அவருடைய மாதிரிக் கையொப்பம் வங்கியின் கணினியில் இருந்துகொண்டே இருக்கும்.

மேற்சொன்ன கம்பெனிக்குப் பொருத்தமான வாசகம் ஏறக்குறைய இப்படி அமையும்: ‘இன்ன வங்கியின் இன்ன கிளையில் உள்ள இன்ன எண் கொண்ட நடப்புக் கணக்கை இயக்குவது பற்றி இதற்கு முன் நிறைவேற்றிய எல்லாத் தீர்மானங்களுக்கும் மாற்றாக, நிர்வாக இயக்குநர், இன்னொரு இயக்குநர், கணக்கு மேலாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து கணக்கை இயக்க அதிகாரம் அளிக்கப்படுகிறது. நிதி மேலாளருக்கு அளித்திருந்த அதிகாரம் மே 31 அலுவல் நேர முடிவில் ரத்தாகிறது. புதிய ஏற்பாடு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது.’ பதவிப் பெயரோடு ஆளின் பெயரையும், ஆதார ஆவணங்களில் உள்ள எழுத்துகளிலேயே போட வேண்டும். ‘மூவரில் எவரேனும் இருவர்’ என்னும் முறையில் ஒரு நன்மை உண்டு. மூவரில் ஊழியர் ஒருவர்தான் என்பதால், எந்த இருவர் கையெழுத்திட்டாலும் அதில் ஓர் இயக்குநராவது இருப்பார். ஊழியர்கள் இருவர் இருந்திருந்தால் இந்த வாசகம் பொருந்தாது. அப்போது இயக்குநர்களை ‘அ’ பிரிவாகவும் ஊழியர்களை ‘ஆ’ பிரிவாகவும் வைத்து, பிரிவுக்கு ஒருவர் என்று எழுதுவார்கள்.

நிறைவேறிய தீர்மானத்தின் சான்றளித்த நகலைக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எடுக்க வேண்டும். கூட்டம் நடந்த தேதி, இடம், சான்றளிப்பவரின் பெயர், இயக்குநர் என்றால் அவருடைய டிஐஎன் எண் ஆகியவை அதில் இருக்கும். கம்பெனி செக்ரட்டரி இருந்தால் அவர் சான்றளிக்கலாம். இல்லையென்றால் ஓர் இயக்குநர். புதிதாக அதிகாரம் பெறுபவரே தமக்கு அதிகாரம் வந்ததாகச் சான்றளிப்பதைத் தவிர்ப்பது நல்லது. இங்கே மூன்றாவது இயக்குநர் அதைச் செய்யலாம். கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு. அதற்காக வங்கியைக் காக்க வைக்க வேண்டியதில்லை. தீர்மானத்தின் வாசகம் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டிருந்தால், குறிப்பேட்டில் ஏறும் முன்பே அதன் சான்றளித்த நகலைக் கொடுக்கலாம்.

இனிக் கடிதம். கிளை மேலாளருக்கு, லெட்டர்ஹெட்டில், நாலைந்து வரிகள் போதும். பொருள் வரியில் கணக்கின் பெயரும் எண்ணும் வரட்டும். உள்ளே, எந்தத் தேதிக் கூட்டத்தின் தீர்மானப்படி யார் நீங்குகிறார், யார் யார் சேருகிறார்கள், எப்போதிலிருந்து, எந்த முறையில் என்பதைச் சொல்லி, இணைப்புகளை எண்ணிட்டுக் குறிப்பிட வேண்டும். தீர்மானத்தில் ‘இருவர் சேர்ந்து’ என்றும் கடிதத்தில் ‘தனித்தனியாக’ என்றும் இருந்தால் இரண்டும் திரும்பி வரும். நீங்குபவர் இன்னும் பணியில் இருக்கும்போதே கடிதம் போவதால், இப்போதைய ஏற்பாட்டின்படி நிர்வாக இயக்குநரும் அவரும் அதில் கையெழுத்திட்டுக் கொடுப்பது வேலையைச் சுலபமாக்கும். அவர் மறுத்தாலோ, இறந்துவிட்டாலோ, சொல்லாமல் போய்விட்டாலோ காரியம் நின்றுவிடாது. அவர் கம்பெனியின் முகவர்தான். முகவரை நீக்க முகவரின் சம்மதம் தேவையில்லை. தீர்மானத்தோடு இயக்குநர் ஒருவர் கடிதம் தரலாம்.

இணைப்புகளில் முதலிடம் சான்றளித்த தீர்மான நகலுக்கு. அடுத்தது வங்கியின் சொந்தப் படிவம். கையெழுத்திடுபவரை மாற்றுவதற்கென்றே பெரும்பாலான வங்கிகளிடம் ஒன்று உண்டு. மாதிரிக் கையொப்ப அட்டையும் அதோடு வரும். மூன்றாவதாக, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கேஒய்சி ஆவணங்கள்: பான் அட்டை, பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டை அல்லது ஆதார், அண்மைப் புகைப்படம். நகல்களில் அவரவர் கையொப்பமிட்டு, அசலையும் காட்ட வேண்டும். நான்காவதாக, இயக்குநர்களின் இப்போதைய பட்டியல். கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், பான், சங்க விதிகள் போன்றவை கணக்குத் தொடங்கியபோதே வங்கியிடம் போயிருக்கும். கம்பெனியின் கேஒய்சி புதுப்பிக்கும் காலம் வந்திருந்தால் அவற்றையும் மறுபடி கேட்பார்கள்.

கணக்கு மேலாளர் ஊழியர் என்பதால் அவருக்காகக் கம்பெனிப் பதிவாளரிடம் எதுவும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. சேரும் இயக்குநரும் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்தான். ஆனால் புதிதாக நியமிக்கப்பட்ட இயக்குநரைச் சேர்ப்பதாக இருந்தால், முப்பது நாளுக்குள் டிஐஆர்-12 படிவம் தாக்கலாக வேண்டும். வங்கி ஊழியர் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர் பெயர்களைப் பார்ப்பது வழக்கம். அங்கே பெயர் ஏறவில்லையென்றால், தாக்கல் செய்த படிவத்தின் நகலையும் ரசீதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கவுன்ட்டரில் விண்ணப்பம் திரும்புவதற்குப் பெரிய சட்டச் சிக்கல் எதுவும் காரணமாக இருப்பதில்லை. அட்டையில் போட்ட கையெழுத்து பான் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை, பெயரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் விரித்தும் மற்றொன்றில் சுருக்கியும் இருக்கிறது, நகலில் சான்றளித்தவரின் பெயர் இல்லை என்பன போன்ற சில்லறைக் குறைகள்தான். கொடுத்ததற்குத் தேதியும் கிளை முத்திரையும் உள்ள ஒப்புகையைக் கடித நகலில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழையவரின் அதிகாரம் ரத்தானது வங்கிக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்ற கேள்வி பின்னால் எழுந்தால், அந்த முத்திரைதான் சாட்சி.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட காசோலைகள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. நிதி மேலாளர் மே மாதத்தில் கையெழுத்திட்டு, ஜூன் 20 தேதியிட்டு ஒரு வியாபாரியிடம் கொடுத்த காசோலை இருக்கிறது என்று வைப்போம். அது ஜூன் மாதம் வங்கிக்கு வரும்போது கணினியில் அவருடைய கையொப்பம் இருக்காது. ‘கையொப்பம் ஒத்துப்போகவில்லை’ என்று திரும்பிவிடும். கையெழுத்திடுபவர் மாறியதால் நேர்ந்ததுதானே என்று கம்பெனி தப்ப முடியாது. லக்ஷ்மி டைகெம் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: கையொப்பம் ஒத்துப்போகாமல் திரும்பும் காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தலாம். அந்த வழக்கிலும் கம்பெனியின் கையொப்பதாரர்கள் மாறியிருந்தார்கள். எனவே வெளியே நிற்கும் காசோலைகளை எண், தேதி, தொகையோடு பட்டியலிட்டு, அவற்றை மட்டும் பழைய கையொப்பத்தில் ஏற்கும்படி கடிதத்தில் கேட்டுக்கொள்ளலாம். வங்கி ஒத்துக்கொள்ளாவிட்டால், காசோலைகளைத் திரும்ப வாங்கிப் புதியவை கொடுப்பதுதான் வழி. காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் பட்டியல் நீளமாக இருக்காது. பின்தேதி போட்டுக் கொடுத்தவைதான் மறந்துபோகும்.

கையொப்ப அட்டை மாறினால் நெட் பேங்கிங்கும் தானாக மாறிவிடும் என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. பல வங்கிகளில் அதற்குத் தனிப் படிவம். நிதி மேலாளர் ‘செக்கர்’ ஆக இருந்து பணப் பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் கொடுத்துவந்தார் என்றால், அவருடைய யூசர் ஐடியை முடக்கவும் ஓடிபி வரும் கைபேசி எண்ணை மாற்றவும் தனியே கேட்க வேண்டும். காசோலையில் கையெழுத்திட முடியாதவர் வீட்டிலிருந்தே ஆர்டிஜிஎஸ் அனுப்ப முடிகிற நிலை இதனால்தான் வருகிறது. தீர்மானத்திலேயே இணையவழிப் பரிவர்த்தனைக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னொரு கூட்டம் தேவைப்படாது.

இயக்குநர்களுக்குள் சண்டை வந்துவிட்டால் மேற்சொன்ன எதுவும் இத்தனை எளிதாக நடக்காது. ஒரு தரப்பு ஒரு தீர்மானத்தையும் மறு தரப்பு அதற்கு நேர்மாறான இன்னொன்றையும் கொண்டுவந்தால், எது உண்மை என்று தீர்ப்பளிப்பது கிளை மேலாளரின் வேலையல்ல. பொதுவாக வங்கி இரண்டையும் ஏற்காமல் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை நிறுத்திவைக்கும். அதன்பின் இயக்குநர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்; அல்லது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ உத்தரவு கொண்டுவர வேண்டும்.