பாட்டியின் முக்கால் கிலோ கணக்கு

"துவரம்பருப்பு இன்னும் அஞ்சு நாள் வரும்டா," என்றார் பாட்டி, டப்பாவைத் திறக்காமலே. பேரன் நிறுத்துப் பார்த்தான்; முக்கால் கிலோ இருந்தது.

"எப்படிப் பாட்டி?"

"நம்ம ஆறு பேருக்குத் தினமும் 150 கிராம். கடையில சொன்னா சாமான் வர மூணு நாள், அதுக்கு 450. விருந்தாளி வந்தா சமாளிக்க ரெண்டு நாள் பருப்பு, 300. ஆக, முக்கால் கிலோவுக்கு இறங்கினதும் கடைக்குச் சொல்லிடணும்."

டப்பாவில் அந்த அளவுக்கு நேராகப் பேரன் கோடு போட்டான்.

"புளிக்கும் இதே கோடா?"

"அது தினம் எவ்வளவு போகுதுன்னு தனியாப் பாரு. பண்டிகை மாசத்துல கோட்டை மேலே ஏத்து."

சாமான் வந்து இறங்கும்போது இரண்டு நாள் பருப்பு மிச்சமிருந்தால் கணக்கு சரி. விருந்தாளி வராமலே காலியானால் தினசரி அளவு தப்பு. மறுபடி அளந்து கோட்டை மாற்றுங்கள்.