வெள்ளம் வருதா? பீரோவின் கீழ்த்தட்டை முதல்ல காலி பண்ணுங்க!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. அப்படித் தண்ணீர் உள்ளே வந்தால், பீரோவின் கீழ்த்தட்டு சீக்கிரமே நனைந்துவிடும். அங்கேதான் பத்திரம் இருக்கா? முதல்ல அதை எடுங்க.

எல்லா பேப்பரும் ஒண்ணு இல்லை. ஆதார், பான் கார்டு போனாலும் ஆன்லைனில் திரும்ப வாங்கிடலாம். வீட்டுப் பத்திரம் போனால், பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல்தான் கிடைக்கும், ஒரிஜினல் கிடைக்காது. மார்க் ஷீட்டுக்கும் அலைச்சல் அதிகம். அதனால இவை ரெண்டையும் முதலில் பேக் பண்ணுங்க.

ஜிப் கவர் லீக் ஆகுமான்னு முன்னாடியே பார்த்துடுங்க. உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் பத்து நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. டிஷ்யூ நனையலைன்னா ஓகே. பேப்பர்களை வைத்து, காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு கவருக்குள் தலைகீழாகப் போடுங்க. வீட்டை விட்டுக் கிளம்பினால், பரணில் விடாமல் கையோடு எடுத்துட்டுப் போங்க.

தண்ணீர் வாசற்படிக்கு வருவதற்குள் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியா ஆஃப் செய்யணும். மெயினை அணைத்தாலும் பேட்டரி கரன்ட் வயர்களில் ஓடும். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடவே கூடாது.

பேப்பர் நனைந்துவிட்டால், ஒட்டிய பக்கங்களை இழுக்காதீங்க, கிழிஞ்சிடும். வெயிலில் போடாமல், ஃபேன் காற்றில் காய விடுங்க.