டிவி விளம்பரம்: டிஎன்எஸ் எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்?

காசு கொடுத்து வாங்கிய டிவியை ஆன் செய்தால், நாம் கேட்காத படத்தின் போஸ்டர் முகப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வைத்தியம், "டிஎன்எஸ்ஸை மாத்திப் பாருங்க" என்பது. மாற்றினால் பலன் உண்டு. ஆனால் அது எல்லா விளம்பரத்துக்கும் மருந்தல்ல.

டிவி இணையத்தில் எதை எடுக்கப் போனாலும் முதலில் ஒரு பெயரைச் சொல்லி அதற்குரிய எண் முகவரியை விசாரிக்கும். அதைச் சொல்வதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை. பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. சாம்சங் டிவி விளம்பரத்துக்காக விசாரிக்கும் பெயர்களில் ஒன்று samsungads.com. சாதாரணமாக, இணைய இணைப்பு கொடுத்த கம்பெனியின் சர்வர் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும். விளம்பரப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் சர்வர்களோ, அந்தப் பெயர்களைக் கேட்டால் மட்டும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். போஸ்டர் இருந்த இடம் காலியாகிவிடும். அட்கார்டு நிறுவனம் இலவசமாக நடத்தும் சர்வர் இந்த வகை. அதன் எண்கள் 94.140.14.14, 94.140.15.15.

இந்த எண்ணை ரௌட்டரில் போட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். அதுதான் தொல்லையும். கூகுளில் ஒரு பொருளைத் தேடினால் மேலே விளம்பரமாக வரும் கடை இணைப்பைத் தொட்டாலும் திறக்காது; "நெட் போச்சு" என்று வீட்டில் புகார் கிளம்பும். ஆகவே டிவியில் மட்டும் போடுவதே என் கட்சி. ரௌட்டரின் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடாத இணைய கம்பெனிகளும் உண்டு. அந்த வீடுகளுக்கும் இதுதான் வழி. சாம்சங் டிவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் Network Status, அதற்குள் IP Settings என்று இறங்கினால், DNS Setting என்ற இடத்தில் Enter manually என்று இருக்கும். மாடலுக்கு மாடல் வழி கொஞ்சம் மாறலாம். முதல் எண்ணைப் பதிந்துவிட்டு, டிவியின் பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். பழைய முகவரிகளை டிவி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால் இது அவசியம்.

ரௌட்டரில்தான் போடுவேன் என்பவர்கள் இரண்டு இடங்களில் தவறுவது வழக்கம். முதல் கட்டத்தில் அட்கார்டு எண்ணைப் போட்டுவிட்டு, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8 எண்ணைப் போடுவார்கள். இரண்டாவது சர்வர், முதலாவது படுத்துவிட்டால் மட்டும் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் கிடையாது. கருவி எதை வேண்டுமானாலும் கேட்கும். விளம்பரம் சில நேரம் வந்து சில நேரம் வராமல் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று ஐபிவி6. அந்தப் பக்கம் இணைய கம்பெனியின் டிஎன்எஸ் அப்படியே இருந்தால், டிவி அதன் வழியாகக் கேட்டு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளும். அங்கேயும் அட்கார்டின் ஐபிவி6 முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இத்தனை செய்தும் யூடியூப் விளம்பரம் மட்டும் அசையாது. காரணம் எளிது. நாம் பார்க்கும் வீடியோ googlevideo.com என்ற பெயரிலிருந்து வருகிறது. நடுவில் புகும் விளம்பரமும் அதே பெயரிலிருந்துதான் வருகிறது. டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது பெயர் மட்டும். அதன் வழியே வருவது பாட்டா, பற்பசை விளம்பரமா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெயரைத் தடுத்தால் பாட்டும் சேர்ந்து நின்றுவிடும். விளம்பரத்தைத் தங்கள் சர்வரிலேயே படத்தோடு ஒட்டி அனுப்பும் ஓடிடி தளங்களிலும் இதே கதைதான். யூடியூபில் விளம்பரம் வேண்டாம் என்றால் பிரீமியம் சந்தாதான் நேர்வழி. டிடிஎச், கேபிள் சேனல்களின் விளம்பரமோ இணையம் வழியாக வருவதே இல்லை; அங்கே டிஎன்எஸ்ஸுக்கு வேலையே கிடையாது.

நாம் கொடுத்த எண்ணை மதிக்காத கருவிகளும் உண்டு. கூகுளின் குரோம்காஸ்ட், ரௌட்டர் என்ன சொன்னாலும் 8.8.8.8 எண்ணையே போய்க் கேட்கும் பழக்கம் உள்ளது. நல்ல ரௌட்டராக இருந்தால் அந்தக் கேள்விகளை வழிமறித்து நம் சர்வருக்குத் திருப்பலாம். இணைய கம்பெனி தரும் சாதாரண ரௌட்டரில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. கேள்வியையே பூட்டி, வழக்கமான இணையப் போக்குவரத்தோடு கலந்து அனுப்பும் முறையும் வந்துவிட்டது. அதைப் பிடிப்பது இன்னும் கடினம்.

டிஎன்எஸ்ஸை நம்பி விட்டுவிடக் கூடாத ஒன்று, திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு கம்பெனிக்குச் சொல்லும் ஏசிஆர் வசதி. வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்காமல் இப்படித் தகவல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், விசியோ என்ற டிவி கம்பெனி 2017-ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இதற்கு டிவியிலேயே சுவிட்ச் இருக்கிறது. சாம்சங்கில் Viewing Information Services, எல்ஜியில் Live Plus என்று தேடி அணைத்துவிடலாம்.

டிஎன்எஸ்ஸை மாற்றிய பிறகு ஏதாவது ஒரு ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, டிவியின் சாஃப்ட்வேர் அப்டேட் பாதியில் நின்றாலோ, டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிப் பாருங்கள். உடனே சரியானால், ஆப்புக்குத் தேவையான ஏதோ ஒரு பெயர் தடைப் பட்டியலில் மாட்டியிருக்கிறது என்று பொருள். அப்டேட்டை முடித்துக்கொண்டு மறுபடி எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.