பத்து மணிக்கு ஊசி, விடியப்புறம் கடலா?

கொலனோஸ்கோபி முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு துண்டு கொடுப்பார்கள். 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டக்கூடாது, மது கூடாது, வேலைக்குப் போகக்கூடாது, பத்திரங்களில் கையெழுத்து வைக்கக்கூடாது என்று அதில் இருக்கும். முதல் மூன்றும் யாருக்கும் விளங்கும். நாலாவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் அதிகம். ஊசி மருந்தின் குணத்தை நன்றாகக் காட்டுவதோ அந்த நாலாவது வரிதான்.

வழக்கமாக ஏற்றும் மிடசோலம் தூக்கத்தைத் தருவதோடு, ஞாபகம் பதிவதையும் நிறுத்திவிடும். கண் விழித்து, தேத்தண்ணி குடித்து, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லியிருப்பார். மறுநாள் ஒன்றுமே நினைவிருக்காது. காணி உறுதி எழுத நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு உட்கார்ந்தாலும், அவர் தெளிவாகப் பேசுவது மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும். நகை அடகு, கடன் பிணை, கைபேசியில் பணம் அனுப்புவது எல்லாம் இதற்குள் வரும். டொக்டர் சொல்லும் முடிவும் அப்படியே மறந்துபோகும் என்பதால், கூட வந்தவரும் பக்கத்தில் நின்று கேட்பது நல்லது.

திருகோணமலை நகருக்கு வடக்கே இருக்கும் சல்லியில் படகோட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு 3 மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். உடம்பில் மருந்து பாதியாகக் குறைய இரண்டு மணி நேரமளவில் எடுக்கும் என்றால், 12 மணிக்கு ஒன்றரை, 2 மணிக்கு முக்கால் மில்லிகிராம் மிஞ்சும். வயதானவருக்கும் ஈரல் பழுதானவருக்கும் இது இன்னும் மெதுவாகவே இறங்கும். நோவுக்கென்று பெத்திடினும் சேர்த்திருந்தால் அதன் மயக்கமும் கூடும். பின்னேரம் அவருக்கு உடம்பு சுகமாக இருக்கும். அதை நம்பி விடியப்புறம் 3 மணிக்குப் படகைத் தள்ளினால், கணக்கில் 17 மணி நேரம்தான் ஆகியிருக்கும். துண்டில் 'இயந்திரம்' என்று போட்டிருந்தால் படகு எஞ்சினும் அதில் சேர்த்தி. தன் நிதானம் குறைந்திருப்பதைத் தானே கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான், 'இப்போது சரி' என்ற அவரது சொல்லை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். கணக்குத் தொடங்குவது கடைசி ஊசியிலிருந்து. அந்த நேரத்தைத் துண்டிலேயே எழுதித் தரும்படி தாதியிடம் கேட்கலாம்.

சாராயமும் மிடசோலமும் மூளையை மந்தமாக்குவது ஒரே வழியில்தான். இரண்டும் சேர்ந்தால் மூச்சு ஆழமில்லாமல் போகும். பெத்திடினும் உள்ளே இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அன்றிரவு வீட்டில் ஒரு பெரியவர் கூட இருக்கவேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

வயிறு ஊதி வலிப்பது உள்ளே ஏற்றிய காற்றால். காற்றுப் பிரிந்ததும் குறையும். வலி கூடிக்கொண்டே போய், வயிறு கல்லாகி, காய்ச்சலும் வந்தால் குடலில் துளை விழுந்திருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பொலிப் வெட்டியிருந்தால் 24 மணி நேரக் கணக்கு போதாது. இரத்தக் கசிவு இரண்டு கிழமை வரையிலும் வரலாம். கொட்பேயிலிருந்து பலநாள் படகில் போகிறவர்கள் இதை டொக்டரிடம் கேட்டுவிட்டே புறப்படவேண்டும்.