சேர்த்துவைத்தவரின் மதிப்பு

சீனாவில் வணிக விருந்தின் வட்ட மேசையில், வாசலைப் பார்த்த இருக்கை பெரும்பாலும் விருந்தளிப்பவருக்கு. அவருக்கு வலப்புறம் முதன்மை விருந்தாளி. ஆனால் கவனிக்க வேண்டியவர், இரு தரப்பையும் சேர்த்துவைத்த இடையாள். பல வருடம் உதவி செய்தும் பெற்றும் வளர்த்த தன் உறவை, குவான்ஷியை, அவர் உங்களுக்காகப் பணயம் வைத்திருக்கிறார். எல்லார் முன்னும் சரக்கின் தரத்தைக் குறைசொன்னால் விருந்தளிப்பவரின் மியன்ஸி, அதாவது நாலுபேர் முன்னிலையில் உள்ள மதிப்பு, குலைகிறது; இடையாளுடையதும் கூடவே போகிறது. யாரும் கோபப்பட மாட்டார்கள். ‘யோசிப்போம்’ என்பார்கள், பெரும்பாலும் அது மறுப்புதான். அதே குறையை மறுநாள் இடையாளிடம் தனியே சொன்னால், அவர் பக்குவமாகக் கொண்டுசேர்ப்பார். பைஜியு மது வேண்டாதவர் முதல் வாழ்த்துக்கு முன்பே உடல்நலக் காரணம் சொல்லிவிடலாம். பிறகு தேநீர்க் கோப்பையை, மூத்தவரின் கோப்பை விளிம்புக்குச் சற்றுத் தாழ்த்தி மோதினால் மரியாதை குறையாது.