டாலர் தீர்ந்ததா, ரூபாய் தீர்ந்ததா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையருக்கு 10,000 டாலருக்கு இன்வாய்ஸ் போட்டிருக்கிறார்கள். முதல் தவணையாக 4,000 டாலருக்கான பணம் வங்கியில் ஏறியது. அந்த 4,000 டாலருக்குப் புத்தகத்தில் எழுதியிருந்தது 3,40,000 ரூபாய். வங்கியில் வந்ததோ 3,39,701 ரூபாய். கணக்கர் இரண்டையும் கழித்துப் பார்த்து, ‘நாணய மாற்று நட்டம் 299’ என்று ஒரு பதிவு போட்டு பார்ட்டி கணக்கை நேர் செய்துவிட்டார்.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்த மாதம் நாணய மாற்றில் நிறுவனத்துக்கு நட்டமே இல்லை. 2,400 ரூபாய் லாபம். 299 என்ற சின்னத் தொகைக்குள் அந்த லாபமும், அதைத் தின்றுவிட்ட வேறு மூன்று செலவுகளும் ஒளிந்துகிடக்கின்றன. (இங்கே வரும் டாலர் விலைகள் கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்டவை. முறை நடப்பில் உள்ளது.)

முதலில் விற்பனையை எந்த விலையில் எழுதுவது என்று பார்ப்போம். இந்தியக் கணக்கியல் தரநிலை 11, அந்நிய நாணயத்தில் நடக்கும் பரிவர்த்தனையை அது நடந்த நாளின் மாற்று விகிதத்தில் எழுதச் சொல்கிறது. விகிதம் பெரிதாக ஏறி இறங்காத காலத்தில் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு சராசரி விகிதத்தை வைத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. நாள் விகிதத்துக்குப் பலரும் எடுப்பது எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் வேலைநாட்களில் வெளியிடும் குறிப்பு விகிதம். 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே இதை வெளியிட்டுவந்தது. நம் கதையில் பிப்ரவரி 12 அன்று அது 85.00 ரூபாய் என்று வைப்போம். 10,000 டாலர் இன்வாய்ஸ் புத்தகத்தில் 8,50,000 ரூபாய் ஆகிறது.

அதே சரக்குக்கான ஷிப்பிங் பில்லில் வேறொரு விலை இருக்கும். சுங்கத்துறை தனக்கென்று அறிவிக்கும் விகிதம் அது, 84.20 என்று கொள்வோம். சரக்கு ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இந்தச் சுங்க விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 34 சொல்கிறது. ஆக ரிட்டர்னில் 8,42,000 ரூபாய், புத்தகத்தில் 8,50,000 ரூபாய். இந்த 8,000 ரூபாய் வித்தியாசத்தைக் கண்டு பதறி, அதையும் நாணய மாற்றுக் கணக்கில் தள்ளுகிறவர்கள் உண்டு. அது லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே விற்பனையை இரண்டு அலுவலகங்கள் இரண்டு விலையில் பார்க்கின்றன, அவ்வளவுதான். ஆண்டு முடிவில் புத்தக விற்பனையையும் ரிட்டர்ன் விற்பனையையும் ஒப்பிடும் தாளில் காரணத்தோடு காட்டிவிட்டால் போதும். சேவை ஏற்றுமதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. கணக்கியல் முறைப்படி எடுக்கும் விகிதத்தையே ஜி.எஸ்.டி.யும் ஏற்றுக்கொள்கிறது.

இனி அந்த 299 ரூபாய்க்கு வருவோம். பையர் தன் ஊரிலிருந்து 4,000 டாலர்தான் அனுப்பினார். வழியில் இருந்த ஒரு வெளிநாட்டு வங்கி தன் கட்டணமாக 20 டாலரை எடுத்துக்கொண்டது. நம் ஊர் வங்கிக்கு வந்தது 3,980 டாலர். வங்கி அன்று கொடுத்த விலை 85.60, ரூபாயில் 3,40,688. அதில் வங்கி தன் கட்டணம் 500 ரூபாயையும், அதற்கான ஜி.எஸ்.டி. 90 ரூபாயையும், நாணயத்தை மாற்றிக்கொடுத்த சேவைக்கான ஜி.எஸ்.டி. 397 ரூபாயையும் பிடித்துக்கொண்டது. மிச்சம் 3,39,701.

இத்தனையும் வங்கி அனுப்பும் பண வரவு அறிவிப்பில் வரிவரியாக இருக்கும். கணக்கர் அதைப் பார்க்காமல் பாஸ்புக் வரியை மட்டும் பார்த்ததால் வந்த வினை. அறிவிப்பை வைத்துப் போட வேண்டிய பதிவு இது. பற்றுப் பக்கத்தில் வங்கி 3,39,701, வங்கிக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி 487, வெளிநாட்டு வங்கிக் கட்டணம் 20 டாலருக்கு 1,712. கூட்டினால் 3,42,400. வரவுப் பக்கத்தில் பார்ட்டி கணக்கு 4,000 டாலருக்கு 85.00 வீதம் 3,40,000. நாணய மாற்று லாபம் டாலருக்கு 60 காசு வீதம் 2,400. இரண்டு பக்கமும் சரி.

ஒற்றைப் பதிவு போட்டவர் இழந்தது என்ன? உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்திருக்கக்கூடிய 487 ரூபாய் நட்டக் கணக்கில் புதைந்துபோனது. வெளிநாட்டு வங்கி ஒவ்வொரு முறையும் எடுக்கும் 20 டாலர் முதலாளியின் கண்ணுக்கே படவில்லை. பட்டிருந்தால் ‘கட்டணம் உங்கள் பொறுப்பு’ என்று அடுத்த ஆர்டரில் பையரிடம் பேசியிருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய குறிப்பு விகிதம் 85.80 ஆக இருந்து வங்கி 85.60 கொடுத்திருந்தால், அந்த 20 காசு வங்கியின் லாப விளிம்பு. புத்தகத்தில் அதைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு துண்டுத்தாளில் குறித்து முதலாளியிடம் காட்டுவது நல்லது. 3,980 டாலருக்கு அது 796 ரூபாய். வங்கியிடம் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய செலவு இது.

இதையெல்லாம் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. பார்ட்டி லெட்ஜரில் ரூபாயோடு டாலருக்கும் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். பையர் நமக்குக் கடன்பட்டிருப்பது டாலரில், ரூபாயில் அல்ல. டாலர் பத்தி பூஜ்யமாகி ரூபாய் பத்தியில் ஏதாவது மிச்சமிருந்தால் அந்த மிச்சம் நாணய மாற்று லாபம் அல்லது நட்டம். டாலர் பத்தியிலேயே மிச்சமிருந்தால் அது மாற்று விகிதத்தின் வேலை இல்லை. யாரோ கட்டணம் பிடித்திருக்கிறார்கள், அல்லது பையர் தரக்குறைவு என்று கழித்திருக்கிறார், அல்லது பாக்கி வர வேண்டியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் அதை நட்டமாக எழுதி மூடக் கூடாது.

மார்ச் 31 வந்தது. இன்னும் 6,000 டாலர் வரவில்லை. புத்தகத்தில் அது 85.00 வீதம் 5,10,000 ரூபாயாக நிற்கிறது. அன்றைய விகிதம் 84.40. வர வேண்டிய டாலர் நிலுவையை ஆண்டு முடிவு நாளின் விகிதத்துக்கு மாற்றிக் காட்ட வேண்டும் என்பது தரநிலையின் கட்டளை. 6,000 டாலர் 5,06,400 ரூபாயாகிறது. 3,600 ரூபாய் நட்டம், பணம் வராமலே, இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்குப் போகிறது. ‘கைக்கு வராத பணத்துக்கு எதற்கு நட்டம்?’ என்று முதலாளிகள் கேட்பார்கள். விகிதம் ஏறியிருந்தால் இதே முறையில் லாபம் எழுத வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிப் பாருங்கள். கேள்வி பாதி அடங்கும்.

ஏப்ரல் 20 அன்று அந்த 6,000 டாலரும் 84.90 வீதம் வந்தது. 5,09,400 ரூபாய். (கட்டணங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.) பெரும்பாலான தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கணக்கர் பழைய இன்வாய்ஸை எடுத்து, 85.00 விலையோடு ஒப்பிட்டு, 600 ரூபாய் நட்டம் எழுதுகிறார். மார்ச் 31 அன்று இந்த நிலுவையின் மதிப்பை 5,06,400க்கு இறக்கியாகிவிட்டது. ஒப்பிட வேண்டியது அதோடுதான். ஆக புதிய ஆண்டில் 3,000 ரூபாய் லாபம். சென்ற ஆண்டின் 3,600 நட்டத்தையும் இந்த ஆண்டின் 3,000 லாபத்தையும் சேர்த்தால் மொத்த நட்டம் அதே 600தான். ஆனால் அது இரண்டு ஆண்டுகளில் பிரிந்து நிற்கிறது. தவறாக எழுதியிருந்தால் பார்ட்டி லெட்ஜர் காட்டிக்கொடுத்துவிடும்: டாலர் பூஜ்யம், ரூபாயில் 3,600 வரவு இருப்பு. பையருக்கு நாம் பணம் தர வேண்டியதுபோல அது தெரியும்.

சில அலுவலகங்களில் மார்ச் 31 பதிவை ஏப்ரல் 1 அன்று எதிர்ப்பதிவு போட்டு நீக்கிவிடுகிறார்கள். பிறகு 85.00 உடன் ஒப்பிடலாம். 3,600 லாபம், 600 நட்டம், நிகரம் மீண்டும் 3,000 லாபம். எந்த வழியும் சரிதான். ஒருவர் மறுமதிப்புப் பதிவு போட, இன்னொருவர் அதை அறியாமல் பழைய விலையில் தீர்ப்பதுதான் வம்பு.

டாலி பயன்படுத்துகிறவர்கள் ஐந்தொகையில் `Unadjusted Forex Gain/Loss` என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். இன்வாய்ஸ் ஒரு விலையிலும் வரவு இன்னொரு விலையிலும் டாலரில் பதிவானபோது, மென்பொருள் தானே கணக்கிட்டு ஓரமாக வைத்த வித்தியாசம் அது. அதை ஜர்னல் பதிவு போட்டு நாணய மாற்றுக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டியது நம் வேலை. பல கம்பெனிக் கோப்புகளில் இந்த வரி ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. டாலரையே பதியாமல் ரூபாயில் மட்டும் எழுதியிருந்தால் அந்த வரிகூட வராது, எச்சரிக்கையும் கிடைக்காது.

முன்பணத்துக்கு இந்த மறுமதிப்பு கிடையாது. சரக்கு அனுப்புமுன் பையர் 2,000 டாலர் கொடுத்து, அது 84.50 வீதம் ஏறியிருந்தால், அதை டாலராகத் திருப்பித் தர வேண்டியதில்லை. சரக்காகத் தீர்க்க வேண்டும். ஆகவே மார்ச் 31 அன்று அதைத் தொடாமல் 1,69,000 ரூபாயாகவே விட வேண்டும். பிறகு விற்பனை எழுதும்போது அந்த 2,000 டாலர் பங்கை 84.50 விலையிலேயே எழுதுவது பொருத்தம். லாபமும் நட்டமும் எழாது. ஆர்டர் ரத்தாகி, பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை வந்துவிட்டால் மட்டும் அது டாலர் கடனாக மாறும், மறுமதிப்பும் தேவைப்படும்.

எது நடந்தாலும் பழைய இன்வாய்ஸின் ரூபாய் மதிப்பைத் திருத்தி வித்தியாசத்தை மறைக்காதீர்கள். விற்பனை விற்ற நாளோடு முடிந்தது. பிறகு டாலர் ஏறுவதும் இறங்குவதும் வேறு கணக்கு. மார்ச் 31 அன்று எந்த விகிதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு ஒரு அச்சு நகலும், ஒவ்வொரு வரவுக்கும் வங்கியின் அறிவிப்பும் கோப்பில் இருக்கட்டும். ஆடிட்டர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.